வலி குறைந்தது, ஆனால் கால் சில்லிட்டது: தேள் கொட்டிய குழந்தையின் தாய்க்கு ஒரு பதில்

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, என் மகனுக்கு நான்கு வயது, எடை 14 கிலோ. போன மாதம் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு, குளியலறை ஓரம் அடுக்கியிருந்த செங்கல் பக்கம் போனவனை வலது கால் கட்டைவிரலில் தேள் கொட்டிவிட்டது. சின்னத் தேள்தான், செம்பழுப்பு நிறம். என் மாமியார் உடனே பக்கத்துத் தெருவில் மந்திரிக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் வேப்பிலை அடித்து, திருநீறு பூசி, புளியங்கொட்டையைச் சூடுவரத் தேய்த்துக் கொட்டிய இடத்தில் ஒட்டினார். எட்டரைக்குள் அழுகை நின்றுவிட்டது. விஷம் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக வந்தோம். இடையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான், சட்டை நனையும்படி வியர்த்தது. பயத்தினால் என்று நினைத்தோம். பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் கால் சில்லென்று இருந்தது, மூச்சு வேகமாக வாங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டேகால். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். ஆக்சிஜன் வைத்து, ஒரு மாத்திரையில் பாதி கொடுத்து, குழந்தையைத் தூக்கவே கூடாது என்றார்கள். அது பிரஷர் மாத்திரை என்று பிறகுதான் தெரிந்தது. விஷமுறிவு ஊசி போடவில்லை. விடியற்காலையில் கை கால் சூடானதும் மறுபடி “கால் வலிக்குது” என்று அழுதான். நான் பயந்துபோனேன், நர்ஸ் அக்கா “நல்லதுதான்மா” என்றார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது நன்றாக ஓடி ஆடுகிறான்.

மந்திரித்ததில்தானே வலி குறைந்தது, பிறகு ஏன் இப்படி ஆனது? நான்கு வயதுக் குழந்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தது சரியா? ஊசி போடாமல் விட்டது அலட்சியமா? அந்த மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். அவன் இதயத்துக்குப் பின்னால் ஏதும் வருமா?

— ஒரு தாய்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பதினொரு மணிக்கு நீங்கள் மகனின் காலைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதுதான் அவனைக் காப்பாற்றியது. தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று விட்டிருந்தால் விடிவதற்குள் நிலைமை கைமீறிப் போயிருக்கலாம். நானும் தேள் கொட்டி வருகிற குழந்தையைப் பார்த்ததும் முதலில் செய்வது அதைத்தான். கொட்டிய விரலைப் பார்ப்பதற்கு முன், புறங்கையை அதன் பாதத்தில் வைத்துப் பார்ப்பேன். பாதம் வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் எனக்கு மூச்சு வரும். சில்லிட்டு ஈரமாக இருந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் அதை வார்டை விட்டு வெளியே விடமாட்டேன்.

உங்கள் கேள்விகளில் முதலாவதிலேயே மற்றவற்றுக்கான விடையும் இருக்கிறது. அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

வலி குறைவது விஷம் இறங்கியதற்கு அடையாளம் ஆகாது

நம் ஊர்களில் கொட்டும் தேள்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, கறுப்பாக, உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்து பார்க்கவே பயமுறுத்தும் கருந்தேள். முன்னால் உள்ள இடுக்கிகள் நண்டுக்கு இருப்பதுபோல் பருத்திருக்கும், வால் ஒல்லியாக இருக்கும். இது கொட்டினால் கடுகடுப்பு உயிர்போவதுபோல் இருக்கும். தொடை இடுக்கில் நெறிகூடக் கட்டும். ஆனால் சில மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். மற்றொன்று, நீங்கள் பார்த்த செந்தேள். சிறியது, செம்பழுப்பாகவோ மஞ்சள் கலந்தோ இருக்கும். இடுக்கிகள் மெலிந்தும் வால் பருத்தும் இருக்கும். இந்தியாவில் குழந்தைகளின் உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்தச் சிறிய தேள்தான். இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே ‘தமுலஸ்’ என்று தமிழ்நாட்டின் சாயல் இருக்கிறது.

மந்திரிக்கும் பெரியவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினர், அல்லது செந்தேள் கொட்டியும் விஷம் உடம்பில் பரவாதவர்கள். அவர்களுக்கு எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும் வலி குறையத்தான் போகிறது. புளியங்கொட்டையின் சூடு அந்த இடத்தில் கவனத்தைத் திருப்பும். பெரியவர் பரிவோடு பேசுவது குழந்தையின் பயத்தைத் தணிக்கும். இவை இரண்டும் உண்மையான பலன்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற விஷத்தை இவை தொடுவதில்லை.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். செந்தேள் கொட்டிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கிற எங்களுக்கு நன்கு பழகிய காட்சி இது: கொட்டிய இடத்தில் துடிதுடிக்க வலித்து, வாந்தியும் வியர்வையும் இல்லாமல் வீறிட்டு அழுகிற குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். விஷம் உடம்பெங்கும் ஏறிய குழந்தைக்கோ கொட்டிய இடத்தில் வலி அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். அழுகை ஓய்ந்து, துவண்டு, மடியில் சாய்ந்துவிடும். பெற்றவர்கள் அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சிகிச்சையில் உடம்பு தேறி, கை கால் சூடாகும்போது கொட்டிய இடத்தின் வலி திரும்பி வரும். விடியற்காலையில் உங்கள் மகன் கால் வலி என்று அழுததும், அந்தச் செவிலியர் “நல்லதுதான்” என்றதும் இதனால்தான். அனுபவமுள்ள வாய் சொன்ன சொல் அது.

அந்த ஐந்து மணி நேரத்தில் என்ன நடந்தது

தேள் விஷம் பாம்பு விஷத்தைப் போல இரத்தத்தை உறையவிடாமலோ சதையை அழுகவைத்தோ வேலை செய்வதில்லை. நரம்புகளில் சோடியம் உப்பு உள்ளே நுழைகிற நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. ஒரு செய்தி போனதும் அவை மூடிக்கொள்ள வேண்டும். செந்தேளின் விஷம் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நிறுத்த ஆளில்லாமல் அடிக்கிற மணியைப் போல நரம்புகள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்குகிற நரம்புகள், அதாவது வியர்வை, உமிழ்நீர், இதயத் துடிப்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றை ஆள்கிற நரம்புகள், இதில் அதிகம் அடிபடுகின்றன.

முதல் கட்டம் எட்டு மணி வாக்கில் உங்கள் மகனுக்குத் தொடங்கியது. வாந்தி, சட்டை நனைகிற வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது எல்லாம் இதில் அடங்கும். ஆண் குழந்தைகளில் இன்னொரு அடையாளம் உண்டு. ஆண்குறி விறைத்து நின்றுவிடும். வெட்கத்தினால் பல தாய்மார்கள் இதை டாக்டரிடம் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். தேள் கொட்டிய சிறுவனிடம் அது தென்பட்டால் விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்காது. பயத்தினால் ஒரு குழந்தை ஒருமுறை வாந்தி எடுக்கலாம். ஆனால் வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் சேர்ந்து வந்தால், அதைப் பயத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டாம் கட்டத்தில் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் நரம்பு நுனிகளும் அட்ரினலினையும் அதைச் சேர்ந்த இரசாயனங்களையும் வெள்ளமாகக் கொட்டுகின்றன. கை கால்களின் இரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்கும். பாதம் சில்லிடுவதன் காரணம் இதுதான். சுருங்கிய குழாய்களை எதிர்த்து இதயம் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. வயலில் ஓடுகிற மோட்டாரின் தண்ணீர் வரும் வாயைப் பாதி அடைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் ஏறும், துடிப்பு பறக்கும், கொஞ்ச நேரத்தில் இதயத் தசை களைத்துத் தள்ளாடும். முன்னால் போக முடியாத இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி, அதன் நீர் காற்றறைகளுக்குள் கசியும். பதினொரு மணிக்கு அவன் வேகமாக மூச்சு வாங்கியது இதனால்தான். இன்னும் முற்றினால் இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வரும், உதடு நீலம் பாரிக்கும், ஏறியிருந்த இரத்த அழுத்தம் சரிந்து விழும். தேள் கொட்டிய குழந்தைகள் இறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பெரியவர்களைவிடக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பதன் காரணம் எளிது. தேள் ஆளைப் பார்த்து அளவாகக் கொட்டுவதில்லை. 60 கிலோ எடையுள்ள உங்கள் கணவருக்குள் பரவ வேண்டிய அதே விஷம் 14 கிலோ உடம்புக்குள் பரவுகிறது. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நான்கு மடங்குக்கும் மேல். அதோடு, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பிரஷர் மாத்திரை ஏன்?

அவர்கள் கொடுத்த பாதி மாத்திரை பிரசோசின் என்பதாக இருக்கும். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். வயதானவர்களின் இரத்த அழுத்தத்துக்கென வந்த மருந்துதான் இது. அதனால் நீங்கள் திடுக்கிட்டதில் வியப்பில்லை. ஆனால் செந்தேள் விஷத்தின் இரண்டாம் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. இறுகிய இரத்தக் குழாய்களை இது தளர்த்துகிறது. மோட்டாரின் வாயை அடைத்திருந்த கையை எடுத்துவிடுவதுதான் இதன் வேலை. இதயத்தின் சுமை குறைகிறது, நுரையீரலில் தேங்கியது வடிகிறது, பாதம் சூடாகிறது.

இதைக் கண்டறிந்த கதையை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது பெருநகர ஆய்வகத்தில் நடந்தது அல்ல. மகாராஷ்டிரத்தில் கொங்கண் பகுதியில் மஹாட் என்ற சிற்றூரைச் சுற்றிச் செந்தேள்கள் அதிகம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைக் கண்ணால் பார்த்தவர். அவரும் மருத்துவரான அவருடைய மனைவி பிரமோதினியும் பிரசோசினைப் பயன்படுத்திக் கண்ட பலனை 1986-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முன், விஷம் உடம்பில் பரவியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்த மலிவான மாத்திரை வந்தபின் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது என்பது அவர்கள் பதிவு செய்த அனுபவம். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. உங்கள் மகனைப் போல இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ குழந்தைகள் அந்தக் கிராமத்து டாக்டரின் பிடிவாதத்தினால் பிழைத்திருக்கிறார்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், பாதி மாத்திரை என்பது குத்துமதிப்பாகக் கொடுத்தது அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 30 மைக்ரோகிராம். உங்கள் மகனின் 14 கிலோவுக்கு 420 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது ஏறத்தாழ அதுதான். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு வேளை, பிறகு ஆறு மணிக்கொரு தரம், கை கால் சூடாகி உலரும்வரை கொடுப்பது வழக்கம்.

குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்களே, அது கட்டளையைப் போல ஒலித்திருக்கும். காரணத்தை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். இந்த மாத்திரை இரத்தக் குழாய்களைத் தளர்த்திய நிலையில் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டால், இரத்தம் கால் பக்கம் இறங்கி, அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் வரும். வாந்தியிலும் வியர்வையிலும் நீர் இழந்த குழந்தைக்கு இது இன்னும் ஆபத்து. மூச்சுத்திணறல் இருந்தால் தலைப் பக்கம் கட்டிலைச் சற்று உயர்த்துவோம், அவ்வளவுதான். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு தரம் நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்போம். அழுகிற பிள்ளையைத் தூக்காமல் பக்கத்தில் நிற்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

உங்கள் கணவர் சொல்வதுபோல் மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். விஷம் பரவாமல் வலி மட்டும் இருக்கிற குழந்தைக்கு இது தேவையே இல்லை. நீர் வற்றிய குழந்தைக்கோ, களைத்த இதயத்தால் அழுத்தம் ஏற்கெனவே இறங்கிவிட்ட குழந்தைக்கோ, பார்க்காமல் கொடுத்தால் கெடுதல். அதோடு கடைகளில் எளிதாகக் கிடைப்பது பெரியவர்களுக்கான, மெல்ல மெல்லக் கரைகிற வகை மாத்திரை. அதை உடைத்துக் கொடுக்கவே கூடாது. ஆனால் உங்கள் கணவரின் கவலை நியாயமானது, அதற்கு வேறு வழி உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலில் ஒருமுறை போய், பிரசோசின் சாதா மாத்திரை இருப்பு இருக்கிறதா என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முதல் வேளையை அங்கேயே கொடுத்து, குழந்தையைப் படுக்க வைத்தபடி 108 ஆம்புலன்ஸில் மேலே அனுப்பலாம். உங்கள் மகனுக்கு இது நடந்திருந்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாகியிருக்கும்.

ஊசிகளைப் பற்றி

தேள் விஷமுறிவு ஊசி என்று ஒன்று உண்டு. குதிரைகளின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது. இரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தை அது பிடித்துச் செயலிழக்க வைக்கும். பாவஸ்கர் தம்பதியர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசோசினோடு இந்த ஊசியும் சேர்த்துக் கொடுத்தவர்கள் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். ஆக ஊசியில் பலன் இருக்கிறது. ஆனால் அதன் பலன் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். விஷம் நரம்பைப் பிடித்து, அட்ரினலின் கொட்டி, இதயம் களைத்தபின் ஊசியால் அதைத் திருப்ப முடியாது. நீங்கள் போய்ச் சேரும்போது கொட்டி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் இருப்பதும் இல்லை. சிலருக்கு அதுவே கடுமையான ஒவ்வாமையைத் தரும். அந்த இரவில் அவர்கள் செய்த முடிவில் அலட்சியம் எதையும் நான் காணவில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பாம்புக்கடிக்குப் போடுகிற விஷமுறிவு ஊசி தேள் விஷத்துக்கு வேலை செய்யாது. “எந்த விஷமுறிவாவது போடுங்கள்” என்று உறவினர்கள் டாக்டரை நெருக்குவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வழியில் போட்ட அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் தேள் விஷத்துக்கு மருந்து அல்ல. தேள் கொட்டு ஒவ்வாமை நோய் இல்லை. அந்த ஊசிகளால் அவனுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனால் “ஊசி போட்டாயிற்று” என்ற தைரியத்தில் பலர் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். உங்களை உடனே மேலே அனுப்பினார்களே, அதற்காக அந்தக் கிளினிக்கைப் பாராட்டுகிறேன்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது

நீங்கள் எழுதவில்லை என்றாலும், அந்த இரவுக்குப் பின் வீட்டில் இது ஒரு மனத்தாங்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடியது அன்பினால். அவர் வாழ்க்கையில் பார்த்த தேள் கொட்டுகளில் பெரும்பாலானவை மந்திரித்தபின் சரியாகியும் இருக்கும். அதனால் “மந்திரம் பொய்” என்று வாதாடாதீர்கள். “அத்தை, மந்திரிப்பதை ஆம்புலன்ஸில் போகும்போது செய்துகொள்ளலாம், ஆனால் நேரத்தை விடக் கூடாது” என்று சொல்லுங்கள். திருநீறும் வேண்டுதலும் குழந்தையை ஒன்றும் செய்யாது. போய் வருகிற நேரம்தான் செய்யும்.

ஆனால் சில கைவைத்தியங்கள் நேரத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. அவற்றை உறுதியாகத் தடுக்க வேண்டும். காலை இறுக்கிக் கட்டுவதால் விஷம் நிற்காது. சுருங்கிய இரத்த ஓட்டம் மேலும் தடைப்பட்டு, சதைதான் கெடும். கீறி இரத்தம் எடுத்தால் புண்ணும் சீழும் மிஞ்சும். எருக்கம்பாலும் சுண்ணாம்பும் குழந்தையின் மெல்லிய தோலை வேகவைக்கும். உப்புத் தண்ணீரைக் கண்ணில் விடுவது சில ஊர்களில் இன்றும் உண்டு. குழந்தை அந்த எரிச்சலில் கால் வலியை மறந்துபோகும், பெரியவர்கள் அதைக் குணம் என்று எண்ணுவார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, வெற்றிலை மிளகையோ தேங்காயையோ மென்று தின்னக் கொடுப்பது. வாந்தி வருகிற, துவண்ட குழந்தையின் வாயில் திடப்பொருள் இருந்தால், வாந்தியோடு அது மூச்சுக்குழலுக்குள் போகும். அப்படி வந்த ஒரு சிறுமியின் தொண்டையிலிருந்து தேங்காய்த் துண்டை எடுத்த பிறகுதான் தேள் சிகிச்சையையே எங்களால் தொடங்க முடிந்தது.

இன்னொரு முறை நேர்ந்தால்

குழந்தையைப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கொட்டிய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அவ்வப்போது ஒற்றி எடுங்கள். கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தேளைத் தேடிப் பிடிக்க நேரத்தைச் செலவிடாதீர்கள். நாங்கள் குழந்தையின் அடையாளங்களைப் பார்த்துத்தான் சிகிச்சை தருகிறோம், தேளைப் பார்த்து அல்ல. எந்தத் தேள் என்று தெரியாவிட்டாலும் சின்னக் குழந்தை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போனதும் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்றால் திரும்பிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முதல் அரை மணி நேரத்திலேயே அடையாளம் தெரிகிற குழந்தைகளும் உண்டு, நான்கு ஆறு மணி நேரம் கழித்துத் தெரிகிற குழந்தைகளும் உண்டு. அதனால் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கச் சொல்கிறோம். அந்த நேரத்தில் நீங்களும் அவ்வப்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட ஆரம்பித்தால், விசேஷமாக ஒன்றும் தெரியவில்லையே என்று தயங்காமல் செவிலியரை எழுப்புங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, அந்தச் செங்கல் அடுக்கை இந்த வாரமே அகற்றிவிடுங்கள். செந்தேளுக்குப் பகலில் ஒதுங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. விறகு, வறட்டி, பெயர்ந்த ஓடுகள் எல்லாம் அப்படித்தான். இரவில் வெளியே போகும்போது செருப்பும் டார்ச்சும் வேண்டும்; காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடப் பழக்குங்கள்.

அவன் இதயம்

இதைக் கடைசியில் வைத்திருப்பது உங்களைக் காக்க வைக்க அல்ல, சொல்வதற்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லாததால். வயதானவர்களுக்கு மாரடைப்பில் இதயத் தசை செத்து வடுவாகிவிடும். தேள் விஷத்தில் களைத்த குழந்தையின் இதயம் அப்படி அல்ல. அட்ரினலின் வெள்ளம் வடிந்ததும், ஆபத்தான கட்டத்தைத் தாண்டிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஓடி ஆடுகிறான், மூச்சு வாங்கவில்லை, சாப்பிடுகிறான் என்றால் அதுவே நல்ல சான்று.

ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்களா, அதில் இதயத்தின் சுருங்கும் பலம் குறைந்திருந்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தாலோ, எக்கோவே எடுக்காமல் இருந்தாலோ, அதே மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு வெளிநோயாளி நேரத்தில் காட்டி ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குச் செலவில்லை. விளையாடும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, முகமோ பாதமோ வீங்கினாலோ அந்த நாள்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். கட்டைவிரலில் மதமதப்போ குறுகுறுப்போ இருக்கிறது என்று சில வாரங்கள் அவன் சொன்னால் கவலை வேண்டாம், அது தானாகப் போய்விடும். டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணைப்படி போட்டிருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழந்தைகள் நல மருத்துவர்